குறும்பி நடந்து வரும் பாதை

எங்கள் சித்திக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பவே தப்பாது. போன ஆடி மாதம் அப்படியொரு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலைத் துண்டால் முடியும்போதே இடது காது அடைத்துக்கொண்டது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பட்ஸை எடுத்துக் குடைந்தார். பஞ்சில் கொஞ்சம் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, ஆனால் காது முன்னைவிட இறுக்கமாக அடைத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் நாலு பட்ஸ் தீர்ந்தது. சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தவர் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினார். அதன் வளைந்த முனையை உள்ளே விட்டு, கண்ணை மூடிச் சுகமாகக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில் பேரன் ஓடிவந்து முழங்கையில் மோதினான்.

"சுரீர்னு ஒரு வலி. அப்புறம் வீடே சுத்த ஆரம்பிச்சிடுச்சு" என்றார் சித்தி. காது மடலில் இரண்டு சொட்டு ரத்தம் இருந்தது.

பேரனைத் திட்டி எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். எனக்கென்னவோ பையன் மோதியது கடைசிக் காரணம்தான் என்று தோன்றுகிறது. சித்தியின் காது அந்த வெள்ளிக்கிழமை அடைக்கவில்லை. பல வருஷங்களாக, ஒவ்வொரு பட்ஸாக, அவரே அதை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எப்படி என்பது காதுக்குள் இருக்கும் ஒரு பாதையைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

காதுத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரை உள்ள குழாயின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ.தான். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சின்னக் குழாய் முழுக்க ஒரே மாதிரி இல்லை. வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. அங்கே தோல் கொஞ்சம் தடிப்பு, முடி உண்டு, சுரப்பிகளும் உண்டு. உள்ளே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு மண்டையோட்டு எலும்பைக் குடைந்து போகிறது. அங்கே தோல் வெங்காயச் சருகு மாதிரி எலும்பின் மேல் நேரடியாக ஒட்டியிருக்கும். முடியும் கிடையாது, சுரப்பியும் கிடையாது. குடையும்போது ஓரளவு வரை சுகமாக இருந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று வலிப்பது இந்த எல்லைக்கோட்டில்தான்.

நாம் காது அழுக்கு என்று சொல்லும் குறும்பி வெளிப்புறப் பகுதியில் மட்டும்தான் உண்டாகிறது. அங்குள்ள சுரப்பிகளின் பிசினும் எண்ணெயும், உதிர்ந்த தோல் செதில்களும், உள்ளே வந்த தூசியும் சேர்ந்ததுதான் அது. அழுக்கு என்று நாம் வைத்த பெயர் அதற்குப் பொருந்தவில்லை. அது தண்ணீரைத் தோலில் ஒட்டவிடாது, லேசான அமிலத்தன்மையால் கிருமியையும் காளானையும் வளரவிடாது, தூசியையும் சின்னப் பூச்சியையும் வாசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வாசலில் சாணி தெளிப்பது மாதிரி ஒரு ஏற்பாடு.

இங்கே ஒரு கேள்வி வரும். குறும்பி வாசல் பக்கம்தான் உண்டாகிறது என்றால், டாக்டர்கள் செவிப்பறையை ஒட்டிக் கல் மாதிரி இறுகிய குறும்பியை எடுக்கிறார்களே, அது அங்கே எப்படிப் போனது? தானாக அது உள்ளே நடக்காது. பெரும்பாலும் யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

ஏனென்றால் காதின் தோல் வெளியே பார்த்துத்தான் நகர்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் தோல் இருந்த இடத்திலேயே தேய்ந்து உதிர்ந்துவிடும். காதுக்குள் அப்படி உதிர்ந்தால் குழாய் நிரம்பிவிடும் என்பதால் வேறு வழி அமைந்திருக்கிறது. செவிப்பறையின் நடுப்பகுதியில் தொடங்கி, அதன் ஓரத்துக்கு வந்து, குழாயின் சுவர் வழியாக வாசலை நோக்கித் தோலே மெல்ல ஊர்ந்து வருகிறது. செவிப்பறையில் மைப்புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், புள்ளி வெளியே நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வேகம் கிட்டத்தட்ட விரல் நகம் வளரும் வேகம், மாதத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். குறும்பி இந்த நடைபாதையின் மேல் ஏறி உட்கார்ந்து வருகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதில் குழாயின் சுவரும் அசைந்து, ஒட்டியிருப்பதை இளக்கிவிடுகிறது. வாசலுக்கு வந்தது காய்ந்து பொடியாக விழும், அல்லது குளிக்கும்போது போய்விடும். பெரும்பாலானவர்களுக்குக் காதைச் சுத்தம் செய்யும் வேலை இவ்வளவுதான், அதையும் காதே பார்த்துக்கொள்கிறது.

இப்போது இந்தப் பாதையில் எதிர்த்திசையில் ஒரு பட்ஸ் வருகிறது. அதன் பஞ்சு முனை குழாயின் அகலத்தில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். பஞ்சின் பக்கவாட்டில் பட்ட குறும்பி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வெளியே வரும், முனைக்கு எதிரே இருந்தது அத்தனையும் உள்ளே போகும். முறுக்கு அச்சில் மாவைப் போட்டு அழுத்துகிறோமே, அடியில் ஓட்டையே இல்லாத அச்சில் அப்படி அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. பஞ்சில் ஒட்டிய பழுப்பைப் பார்த்து "பார், எவ்வளவு அழுக்கு" என்று நமக்கு ஒரு திருப்தி. உள்ளே போனது எவ்வளவு என்பது கண்ணில் படுவதில்லை. சுரப்பிகள் இல்லாத, தாடை அசைவு அவ்வளவாக எட்டாத எலும்புப் பகுதிக்கு ஒருமுறை தள்ளப்பட்ட குறும்பி அங்கேயே காய்ந்து இறுகும். அடுத்த வாரம் அதன் மேல் இன்னொரு அடுக்கு.

அப்படியானால் ஏன் பல வருஷம் காது நன்றாகவே கேட்டது? குழாயில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூடச் சத்தம் உள்ளே போய்விடும். முக்கால்வாசி அடைத்திருந்தாலும் வித்தியாசம் தெரியாது. தலைக்குக் குளிக்கிற அன்று தண்ணீர் உள்ளே போய்க் குறும்பி ஊறி உப்பும், கடைசி இடைவெளியும் மூடிக்கொள்ளும். அந்த நிமிஷம் காது பொத்தென்று அடைக்கும், நம் குரல் நமக்கே பானைக்குள் பேசுவது மாதிரி கேட்கும். நாம் தண்ணீரைக் குற்றம் சொல்வோம். அதை எடுக்கப் பட்ஸை விட்டால், ஊறி இளகிப்போன குறும்பி இன்னும் சுலபமாக உள்ளே போகும். சித்தி நாலு பட்ஸில் செய்தது இதைத்தான். குளித்ததும் அடைக்கும் காது, தண்ணீர் வடிய வேண்டிய நேரம் போயும் மறுநாள் வரை திறக்காவிட்டால், உள்ளே குறும்பி இருக்கிறது என்றே சந்தேகப்படலாம்.

ஹேர்பின்னின் கதை வேறு. அது தள்ளுவதைவிடக் கீறுவதும் குத்துவதும் அதிகம். கடையில் வாங்கும்போது அதன் முனையில் பாசிமணி அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். பழகப் பழக அது உதிர்ந்துவிடும், சமயத்தில் காதுக்குள்ளேயே உதிரும். குமிழ் போன பின்னின் முனை வெறும் கம்பி. தலையின் எண்ணெயும் பொடுகும் அதில் ஒட்டியிருக்கும். அந்தக் கம்பி எலும்பின் மேல் ஒட்டிய சருகுத் தோலில் இழுபடும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதன் வழியாகக் கிருமி நுழைந்தால் இரண்டு மூன்று நாளில் காது வீங்கும், மடலைத் தொட்டாலே உயிர் போகும், மெல்ல முடியாது. ஊக்கு, தீக்குச்சி, வண்டிச் சாவி, பேனா மூடி, கோழி இறகு என்று நம் வீடுகளில் காதுக்குள் போகும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

குத்துவது இன்னும் மோசம். 2.5 செ.மீ. போனால் செவிப்பறை வந்துவிடுகிறது. அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ., நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அளவு. நம் விரலுக்கோ பின் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது. அந்தத் தாளுக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அதில் மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. கடைசி எலும்புக்கு அங்கவடி எலும்பு என்று பெயர், உயரம் சுமார் 3 மி.மீ. அது உள்காதின் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உள்காதின் திரவம். பின் இந்த எலும்பை அசைத்து ஜன்னலைக் கிழித்தால் திரவம் கசியும், தலை விடாமல் சுற்றும், கேட்கும் திறன் திரும்பாமலே போய்விடலாம். நாக்கின் சுவை நரம்பு ஒன்றும் இதே அறையைக் கடந்துதான் போகிறது. காதில் குத்திக்கொண்ட சிலர் நாக்கின் ஒரு பக்கம் தகரத்தைச் சப்புவது போல இருக்கிறது என்று சொல்வது அதனால்தான்.

சித்தியை மறுநாள் காலை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். குழாய் போன்ற கேமராவை அவர் காதுக்குள் விட்டுத் திரையில் காட்டினார். வாசல் பக்கம் சுவரில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்தது போலச் சுத்தம். உள்ளே போகப் போக மேல்பாதியில் புளி உருண்டை மாதிரி கறுப்பாக ஒரு கட்டி. அதற்குக் கீழே, செவிப்பறையில் கடுகளவு ஓட்டை, ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"வாசல்ல இருக்க வேண்டியது எல்லாம் உள்ள இருக்கு பாருங்கம்மா. உள்ள இருக்கவே கூடாத இடம் இது" என்றார் டாக்டர்.

"நான் வாராவாரம் சுத்தமாத்தான் டாக்டர் வச்சிருந்தேன்" என்றார் சித்தி. அவருக்கு அதில்தான் வருத்தம்.

தலைச்சுற்றல் அன்றே நின்றுவிட்டிருந்தது, கேட்கும் பரிசோதனையில் குறைவு லேசாகத்தான் இருந்தது. எலும்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். ஓட்டை இருப்பதால் தண்ணீர் பீய்ச்சிக் குறும்பியை எடுக்கவில்லை. தண்ணீர் அந்த ஓட்டை வழியே உள்ளறைக்குப் போய்ச் சீழ் பிடிக்கும். நுண்ணோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தார். ஓட்டைக்கு மருந்து எதுவும் போடவில்லை. இப்படிக் குத்தி விழுந்த சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாமாகவே மூடிக்கொள்ளும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, எண்ணெயோ சொட்டு மருந்தோ சொந்தமாக விடக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. குளிக்கும்போது பஞ்சு உருண்டையில் வாஸ்லின் தடவி வாசலில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பஞ்சை உள்ளே திணிக்கக் கூடாது, மூடியாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குத்திக்கொண்ட பிறகு எப்போது ஓட வேண்டும் என்று கேட்டால்: தலைச்சுற்றல் நிற்காவிட்டால், காது சட்டென்று கேட்காமல் போனால், முகம் ஒரு பக்கம் இழுத்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும் போக வேண்டும். ரத்தமும் வலியும் மட்டும் என்றால் மறுநாளாவது காட்டிவிட வேண்டும். வீட்டில் யாராவது உடனே கொஞ்சம் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாம் என்பார்கள். அதைத் தடுப்பதுதான் முதலுதவி.

குழந்தைகளைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை 21 வருஷத்தில் பட்ஸால் காதில் காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் ஏறத்தாழ 2,63,000 பேர். ஒரு நாளைக்கு 34 பேர். பெரும்பாலும் காதைச் சுத்தம் செய்யும்போதுதான் நடந்திருக்கிறது, அதிலும் குழந்தைகள் தாங்களே கையில் எடுத்தபோது. அம்மா அப்பா செய்வதைப் பார்த்துத்தானே அவர்களும் எடுக்கிறார்கள். பட்ஸ் டப்பா கண்ணாடி ஸ்டாண்டில் சீப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வரை இது நடக்கும். நம் நாட்டில் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை வந்து, இப்போது காகிதக் குச்சியும் மூங்கில் குச்சியும் வருகின்றன. அந்தத் தடை குப்பைக்காக வந்தது. காதுக்கு எந்தக் குச்சியானாலும் ஒன்றுதான்.

நிறையப் பேர் அழுக்குக்காகக் குடைவதில்லை, அரிப்புக்காகத்தான் குடைகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காதுக் குழாயில் நரம்பு முனைகள் அதிகம், குடைந்தால் சுகம்தான். சிலருக்குக் குடையும்போது இருமல் வரும். தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதிலும் இருப்பதால் வருவது அது. ஆனால் அரிப்பு எங்கிருந்து வந்தது? தினமும் துடைத்துத் துடைத்துப் பிசினை எடுத்துவிட்டால் தோல் வறண்டுபோகிறது. வறண்ட தோல் அரிக்கும், அரித்தால் குடைவோம், குடைந்தால் இன்னும் வறளும். இதில் குறும்பி இல்லாத தோலில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்துவிட்டால் காளான் பிடிக்கும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது சர்வ சாதாரணம். டாக்டர் உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி வைத்தது போல வெள்ளையும் கறுப்புப் புள்ளிகளுமாக இருக்கும். அந்த அரிப்பு பட்ஸால் தீரவே தீராது, மருந்து போட்டால்தான் தீரும். ஒரே காது வாரக்கணக்கில் விடாமல் அரித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், முக்கியமாக வயதானவர்கள், காதில் ஒரு கீறலைக்கூடச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் காதுக் குழாயில் தொடங்கும் தொற்று அடியில் இருக்கும் எலும்புக்கே பரவலாம். ராத்திரி தூங்கவிடாத காதுவலியும் சீழும் அதன் அடையாளம். ஆஸ்பத்திரியில் சேர்த்து வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டிய நோய் அது.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். குளித்து முடித்ததும் மெல்லிய துண்டை ஆள்காட்டி விரல் மேல் போட்டு, மடலின் மடிப்புகளையும் வாசலையும் துடைத்தால் போதும். விரல் எதுவரை போகிறதோ அதுவரைதான் நம் வேலை. துண்டின் முனையைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விடுவதும் பட்ஸ் விடுவதும் ஒன்றே. தண்ணீர் போய்விட்டதாகத் தோன்றினால் அந்தக் காது கீழே பார்க்கும்படி தலையைச் சாய்த்து, மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துவிடுங்கள். வளைந்த குழாய் அப்போது நேராகும், தண்ணீர் வடிந்துவிடும். குதிக்கத் தேவையில்லை.

குறும்பி அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதை எடுக்கப் பார்க்காமல் இளக்கப் பார்க்க வேண்டும். இதற்கு மருந்துக் கடையில் சொட்டு மருந்துகள் இருக்கின்றன, சாதாரண ஆலிவ் எண்ணெய்கூட உதவும். அறைச் சூட்டில் இருக்கும் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, காலையும் இரவும், மூன்றிலிருந்து ஐந்து நாள். ஒருக்களித்துப் படுத்து, விட்ட பிறகு ஐந்து நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். முதல் நாளில் குறும்பி ஊறுவதால் அடைப்பு அதிகமானது போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். ஐந்து நாளில் திறக்காவிட்டால் டாக்டரிடம் போவதுதான் வழி. இந்த வைத்தியமெல்லாம் செவிப்பறை முழுசாக இருப்பவர்களுக்கு மட்டும். முன்பு எப்போதாவது காதில் சீழ் வடிந்திருந்தால், காதில் ஆபரேஷன் நடந்திருந்தால், இப்போது வலி இருந்தால் எதையும் விடக் கூடாது.

எண்ணெய்க் குளியல் அன்று காதில் எண்ணெய் விடும் வழக்கத்தைப் பற்றிச் சித்தியும் கேட்டார். செவிப்பறை நன்றாக இருக்கிற பெரியவர்கள் எப்போதாவது ஒரு சொட்டு விட்டுக்கொள்வதில் கெடுதல் இல்லை. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியிலிருந்து ஊற்றுவதில்தான் ஆபத்து. சருகுத் தோல் நொடியில் வெந்துபோகும். கைக்குழந்தைகளுக்கு எதையுமே விடக் கூடாது. காதில் மெழுகுத் திரி கொளுத்தி அழுக்கை உறிஞ்சுவதாகச் சொல்கிறார்களே, அந்தத் திரி எதையும் உறிஞ்சுவதில்லை. அடியில் சேரும் பழுப்பு திரியின் சொந்த மெழுகு.

இவ்வளவு சொன்னாலும் சிலருக்குத் தள்ளாமலேயே அடைக்கும். வயதானால் குறும்பி வறண்டு கெட்டியாகும். ஆண்களுக்குக் காது முடி தடித்து வழியை மறிக்கும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கும், நாள் முழுக்க இயர்போன் மாட்டியிருப்பவர்களுக்கும் வாசல் மூடியே இருக்கிறது, வருவது எங்கே போகும்? இவர்கள் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது. அங்கே தண்ணீர் பீய்ச்சினாலும் உடல் சூட்டில், அதாவது 37 டிகிரியில்தான் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் போனால் உள்காதின் சமநிலை கெட்டு நாற்காலியிலேயே தலை சுற்றிவிடும். வீட்டில் சிரிஞ்சில் குழாய்த் தண்ணீரை அடிப்பவர்கள் வாந்தியெடுத்துப் படுப்பது இதனால்தான்.

எட்டு வாரம் கழித்து மறுபடி போனபோது திரையில் ஓட்டை இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தழும்பு மட்டும் தெரிந்தது. காது நன்றாகக் கேட்டது. சித்திக்கு இன்னொரு சந்தேகம் பாக்கியிருந்தது. அதை டாக்டரிடமே கேட்டார்: வலது காதையும் இதே கையோடு சுத்தம் செய்துவிட முடியுமா? டாக்டர் கேமராவை வலது காதில் விட்டார். வாசலை ஒட்டித் தேன் நிறத்தில் குறும்பி இருந்தது. அதற்கு அப்பால் செவிப்பறை பளிச்சென்று தெரிந்தது.

"இந்தக் காது கேக்குதாம்மா?"

"நல்லா கேக்குது."

"அப்ப இருக்கட்டும்" என்று கேமராவை எடுத்துவிட்டார்.